முதல் முறை பெண்கள் நல மருத்துவரைப் பார்க்கப் போகும்முன் நான் எழுதிய கடிதம்

மாதவிலக்கு முறையில்லாமல் போனதால் ஜூலை மாதம் எங்கள் தெருமுனை கிளினிக்குக்குப் போயிருந்தேன். "கடைசியா எப்ப ஆச்சு? எத்தனை நாள் போச்சு?" என்று கேட்டார்கள். "போன மாசம் வரலை, இப்ப நிறைய போகுது" என்றேன். எத்தனை பேட், எந்தத் தேதி என்று கேட்டபோது பதில் இல்லை. பின்னால் பத்துப் பேர் காத்திருந்தார்கள். அதில் ஒருவர் என் பள்ளி மாணவனின் அப்பா. இரும்புச்சத்து மாத்திரைச் சீட்டோடு வெளியே வந்துவிட்டேன்.

செப்டம்பரில் சேலத்தில் ஒரு பெண்கள் நல மருத்துவரிடம் தேதி வாங்கினேன். அந்த முறை வாயால் சொல்லப் போவதில்லை, எழுதிக் கொடுத்துவிடுவது என்று முடிவு செய்தேன். எழுத உட்கார்ந்தபோதுதான் ஒரு தேதிகூட மனதில் நிற்கவில்லை என்று தெரிந்தது. நாள்காட்டித் தாளைத் தினமும் கிழித்துப் போட்டுவிடுகிறோம். சமையலறையில் பால் கணக்கு எழுதும் மாதக் காலண்டர் மட்டும் இருந்தது. அதில் நான் எதுவும் குறித்து வைக்கவில்லை. அதனால் நாட்களைப் பள்ளியை வைத்தே மீட்டேன். காமராஜர் பிறந்த நாள் விழாவில், ஜூலை 15, இரண்டு பேட் வைத்துக்கொண்டு மேடைக்குப் பக்கத்தில் நின்றது நினைவிருந்தது. ஆகஸ்ட் 15 கொடியேற்றத்துக்கு அடர் நீலப் புடவை கட்டிப் போனது நினைவிருந்தது. ஆடிப்பெருக்குக்கு மோகனூர் போனது நினைவிருந்தது. பேட் வாங்கிய தேதிகள் ஜிபே கணக்கில் இருந்தன. இப்படி ஒன்றை ஒன்று ஒட்டவைத்து இரண்டு மாலை உட்கார்ந்து எழுதினேன். கடிதம் இது.

*

மதிப்பிற்குரிய டாக்டர் அவர்களுக்கு,

எனக்கு வயது 43. நாமக்கல் பக்கம் ஒரு தொடக்கப் பள்ளியில் ஆசிரியை. கடந்த மூன்று மாதங்களாக எனக்கு ரத்தப்போக்கு முறையில்லாமல் இருக்கிறது. ஜூலை 9 முதல் செப்டம்பர் 9 வரையிலான 63 நாட்களில் 35 நாட்கள் ஏதோ ஒரு அளவில் ரத்தம் போயிருக்கிறது. இது ஏன், என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்துகொள்ளத்தான் வருகிறேன்.

இதற்கு முன் எப்படி இருந்தது: 28 முதல் 30 நாளுக்கு ஒரு முறை வரும். ஐந்து நாள் இருக்கும். முதல் இரண்டு நாள் நாளுக்கு நான்கு பேட், பிறகு இரண்டு. ரத்தக்கட்டி அபூர்வம். கடைசியாக அப்படி ஒழுங்காக வந்தது மே 28. ஜூன் 1-இல் நின்றது.

இனி நடந்தது. ரத்தம் தொடங்கிய நாளை முதல் நாளாக எண்ணியிருக்கிறேன்.

ஜூன் 26 வாக்கில் வர வேண்டியது வரவில்லை. ஜூலை 5 அன்று வீட்டிலேயே கர்ப்பப் பரிசோதனை அட்டையில் பார்த்தேன். ஒரே கோடுதான்.

ஜூலை 9-இல் தொடங்கியது. மே 28-இலிருந்து 42 நாள். 19-ஆம் தேதி வரை, மொத்தம் 11 நாள். 11 முதல் 14 வரை கடுமை. நாளுக்கு ஏழு பேட், பெரிய அளவு, அதில் ஐந்து முழுக்க நனைந்தவை. இரவில் ஒரு முறை எழுந்து மாற்ற வேண்டியிருந்தது. ரூபாய் நாணயம் அளவில் கட்டிகள். 15-க்குப் பிறகு குறைந்தது.

ஜூலை 27, 28 இரண்டு நாளும் பழுப்பாகச் சிறு கறை. பேட் தேவைப்படவில்லை.

ஆகஸ்ட் 3 ஆடிப்பெருக்கு. குலதெய்வத்துக்குப் பொங்கல் வைக்க வேண்டியிருந்தது. கறை பட்டதால் முன்கூட்டியே வந்துவிடுமோ என்று பயந்து, தள்ளிப்போடும் மாத்திரையை மெடிக்கல் ஷாப்பில் வாங்கினேன். நோரெத்திஸ்டிரோன் 5 மி.கி. ஜூலை 30 முதல் ஆகஸ்ட் 5 வரை காலை ஒன்று, இரவு ஒன்று, மொத்தம் 14 மாத்திரை. யாரும் எழுதித் தரவில்லை. அட்டையைக் கொண்டு வருகிறேன்.

ஆகஸ்ட் 8-இல் பீரியட்ஸ் வந்தது. ஜூலை 9-இலிருந்து 30 நாள், சரியான நேரம். 16 வரை 9 நாள் இருந்தது. முதல் நான்கு நாள் நாளுக்கு ஆறு பேட்.

ஆகஸ்ட் 24, 25, 26 மீண்டும் கறை. முதல் நாள் பழுப்பு, பிறகு இளஞ்சிவப்பு.

ஆகஸ்ட் 31-இல் மீண்டும் தொடங்கியது. செப்டம்பர் 9 வரை 10 நாள். இதுதான் மிக மோசம். செப்டம்பர் 2 அன்று ஒன்பது பேட். அன்று காலை 10 மணியிலிருந்து 12 மணிக்குள் மட்டும் மூன்று, மூன்றும் முழுக்க. கட்டி 10 ரூபாய் நாணயத்தைவிடப் பெரியது, இரண்டு முறை. மாடிப்படி ஏறும்போது கண் இருட்டியது. வகுப்பை அடுத்த ஆசிரியையிடம் ஒப்படைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தேன். செப்டம்பர் 4 அன்று ஆய்வகத்தில் ரத்த அளவு பார்த்தேன். 9.1. சீட்டு இணைத்திருக்கிறேன்.

வலி: அடிவயிற்றில் இழுப்பு, கட்டி விழும்போது கூடுகிறது. மற்ற நேரத்தில் இல்லை. காய்ச்சல் இல்லை. துர்நாற்றத்தோடு வெள்ளைப்படுதல் இல்லை. தாம்பத்தியத்துக்குப் பிறகு ரத்தம் பட்டதில்லை.

எனக்கு இரண்டு குழந்தைகள். முதலாவது சுகப்பிரசவம், இரண்டாவது ஆபரேஷன். அப்போதே குடும்பக் கட்டுப்பாடும் செய்துவிட்டார்கள். அது 14 வருடத்துக்கு முன். காப்பர் டி வைத்ததில்லை. இரண்டு வருடமாக பி.பி. மாத்திரை ஒன்று தினமும். ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரை எதுவும் இல்லை. எடை 74 கிலோ, உயரம் 155 செ.மீ. ஒரு வருடத்தில் ஆறு கிலோ கூடியிருக்கிறது. தைராய்டு, சர்க்கரை இரண்டும் மூன்று வருடத்துக்கு முன் பார்த்தது, அப்போது சரியாக இருந்தது. கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை இதுவரை செய்ததில்லை. அம்மாவுக்கு 46 வயதில் கர்ப்பப்பையில் கட்டி வளர்ந்திருக்கிறது என்று சொல்லிக் கர்ப்பப்பையை எடுத்தார்கள்.

நான் கேட்க விரும்புவது மூன்று. இது மாதவிலக்கு நிற்கப்போகும் காலத்தின் மாற்றம் மட்டும்தானா, வேறு ஏதாவதா? என்னென்ன பரிசோதனை, அவற்றில் எது அவசரம்? கர்ப்பப்பையை எடுக்காமல் சரிசெய்ய வழி இருக்கிறதா? மூன்றாவது கேள்விதான் எனக்கு இரவில் தூக்கம் வராமல் செய்கிறது.

இப்படிக்கு,
தங்கள் நோயாளி

*

இந்தக் கடிதத்தில் ஒரு வரியை எழுதி, அடித்து, மறுபடியும் எழுதினேன். தாம்பத்தியம் பற்றிய வரி. அதை ஏன் கேட்கிறார்கள் என்று பிறகு டாக்டரே சொன்னார். உறவுக்குப் பிறகு ரத்தம் பட்டால் கவனம் முதலில் கர்ப்பப்பை வாய்க்குப் போகும். மேலே கர்ப்பப்பையிலிருந்து வருகிறதா, வாயிலிருந்து வருகிறதா என்று பிரித்துப் பார்க்க அந்தப் பதில் வேண்டுமாம். "இல்லை" என்ற பதிலும் அவருக்குத் தகவல்தான்.

செப்டம்பர் 12 அன்று போனோம். வீட்டுக்காரர் வெளியே உட்கார்ந்தார். டாக்டர் கடிதத்தை முழுதும் படித்தார். இரண்டு நிமிடம் இருக்கும். நான் பதறிப்போய் இடையில் பேசப் போனேன், கை காட்டி நிறுத்தினார். படித்து முடித்துவிட்டுப் பேனாவை எடுத்து, ஜூலை 30 வரியைச் சுற்றி வட்டம் போட்டார். அங்கிருந்து ஆகஸ்ட் 8-க்கு ஒரு கோடு இழுத்தார்.

"இது பீரியட்ஸ் இல்லைம்மா. நீங்க மாத்திரையை நிறுத்தின மூணாவது நாள் வந்த ரத்தம்."

எனக்கு முதலில் புரியவில்லை. முப்பது நாள் கழித்து வந்தது, அதுதான் இந்த மூன்று மாதத்தில் ஒழுங்காக வந்த ஒன்று என்று நான் ஆறுதலாக எழுதி வைத்திருந்தேன். அவர் பொறுமையாக விளக்கினார். மாதா மாதம் சினைமுட்டை வெளியானால் அதன்பின் ஒரு ஹார்மோன் சுரக்கும். கர்ப்பப்பையின் உள்பூச்சை நிலையாக வைத்திருப்பது அதுதான். கர்ப்பம் தரிக்காவிட்டால் அந்த ஹார்மோன் இறங்கும், பூச்சு மொத்தமாகக் கழன்று ஒரே தவணையில் வெளியே வரும். அதுதான் மாதவிலக்கு. நாற்பதைத் தாண்டினால் சில மாதம் முட்டை வெளியாகாமலே போகலாம். அப்போது அந்த ஹார்மோன் சுரக்காது. பூச்சு வளர்ந்துகொண்டே போய், தாங்க முடியாத இடத்தில் இங்கே கொஞ்சம் அங்கே கொஞ்சம் என்று உதிரும். எப்போது தொடங்கும், எப்போது நிற்கும் என்று கணக்கே இருக்காது. தள்ளிப்போடும் மாத்திரையில் இருப்பது அந்த ஹார்மோனைப் போன்ற ஒன்று. சாப்பிடும்வரை பூச்சைப் பிடித்து வைத்திருக்கும். நிறுத்தினால் இரண்டு மூன்று நாளில் ரத்தம் வரும். பெரும்பாலோருக்கு வரும்.

"மாத்திரையைச் சொல்லாம விட்டிருந்தா, முப்பது நாளுக்கு ஒரு தடவை சரியா வருது, அளவுதான் அதிகம்னு நான் எடுத்திருப்பேன். தேதி ஒழுங்கா இருந்து அளவு மட்டும் கூடினா கர்ப்பப்பையில கட்டி வளர்ந்திருக்கான்னு முதல்ல யோசிப்போம். தேதியே ஒழுங்கில்லைன்னா முட்டை வெளியாகுதா, உள்பூச்சு எப்படி இருக்குன்னு யோசிப்போம். உங்களுக்கு மே 28-க்கு அப்புறம் சரியான பீரியட்ஸ் வந்த மாதிரியே தெரியலை."

அந்த மாத்திரையை நான் ஒரு மருந்தாகவே நினைத்திருக்கவில்லை. பள்ளியில் எத்தனையோ பேர் கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் போட்டுக்கொள்கிறோம். "ஏதாவது மாத்திரை சாப்பிடுறீங்களா?" என்று வாயால் கேட்டிருந்தால் பி.பி. மாத்திரையை மட்டும் சொல்லியிருப்பேன். ஆடிப்பெருக்கை வைத்துத் தேதி தேடியதால்தான் அது நினைவுக்கே வந்தது. அவசரக் கருத்தடை மாத்திரைக்கும் இதே கதைதான் என்றார் டாக்டர். அதைப் போட்டுக்கொண்டாலும் தேதி முன்பின்னாக நகரும், இடையில் கறை படும். நாட்டு மருந்து, சத்துப் பொடி எல்லாவற்றையும் அட்டையோடோ டப்பாவோடோ கொண்டுவரச் சொன்னார்.

அவர் நிறுத்திய இரண்டாவது இடம் செப்டம்பர் 2. "அன்னைக்கே வந்திருக்கணும். இவ்வளவு நாள் காத்திருந்திருக்கக் கூடாது." பெரிய பேட் ஒரு மணி நேரத்துக்கு ஒன்று முழுக்க நனைந்து, அது இரண்டு மணி நேரம் தொடர்ந்தாலோ, ரத்தப்போக்கோடு கண் இருட்டினாலோ, நெஞ்சு படபடத்தாலோ, தேதிக்குக் காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும் என்றார். எனக்கு இரண்டு மணி நேரத்தில் மூன்று, கூடவே கண் இருட்டல். ஆனால் நானோ ரத்தம் நின்ற பிறகு போகலாம் என்று இருந்தேன். ரத்தம் போகும்போது பரிசோதனை மேசையில் படுப்பது எப்படி என்ற கூச்சம். அதற்காகத் தள்ளிப்போட வேண்டாம், போகும்போது வந்தாலும் பார்ப்போம், எங்கிருந்து வருகிறது என்று அப்போது நேரிலேயே தெரியும் என்று சொன்னார்.

பேட் எண்ணிக்கையை எழுதியது பற்றி ஒரு வார்த்தை. முதலில் "நாளுக்கு ஏழு" என்று மட்டும் எழுதியிருந்தேன். பிறகு என் தங்கையை நினைத்தேன். அவள் லேசாக நனைந்தாலே மாற்றிவிடுவாள், நானோ பள்ளியில் கழிப்பறை வசதி குறைவு என்பதால் முழுக்க நனையும்வரை மாற்ற மாட்டேன். இருவருக்கும் ஏழு ஒன்றாகாது. அதனால்தான் எத்தனை முழுக்க நனைந்தவை என்று பிரித்து எழுதினேன். கட்டியை நாணயத்தோடு ஒப்பிட்டதும் அப்படித்தான். பெரிசு, சின்னது என்பது ஆளுக்கு ஆள் மாறும், 10 ரூபாய் நாணயம் எல்லோருக்கும் ஒரே அளவு.

அப்புறம் பரிசோதனைகள். முதலில் சிறுநீரில் கர்ப்பப் பரிசோதனை. குடும்பக் கட்டுப்பாடு செய்தவளுக்கு எதற்கு என்று கேட்டேன். அந்த ஆபரேஷனுக்குப் பிறகும் அபூர்வமாகக் கரு தங்கலாம், தங்கினால் குழாயிலேயே தங்கும் வாய்ப்பு அதிகம், அது ஆபத்து, அதனால் முதலில் அதை இல்லை என்று தெரிந்துகொள்வோம் என்றார். எனக்கு இல்லை. பிறகு ரத்த அளவு, தைராய்டு, சர்க்கரை. கர்ப்பப்பை வாயிலிருந்து மாதிரி எடுத்தார். ஸ்கேன் இரண்டு வகை. வயிற்றின் மேல் வைத்துப் பார்ப்பதற்குச் சிறுநீரை அடக்கி வைத்திருக்க வேண்டும், உள்வழியாகப் பார்ப்பதற்குக் கழித்துவிட்டு வர வேண்டும். எனக்கு இரண்டாவது. நான் அது தெரியாமல் காலையிலிருந்து ஒரு லிட்டர் தண்ணீர் குடித்துவிட்டுத் தவித்துக்கொண்டிருந்தேன். தேதி வாங்கும்போதே எந்த ஸ்கேன் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

ஸ்கேனில் உள்பூச்சு 16 மில்லிமீட்டர் என்று வந்தது. சாதாரணமாக 16 என்பது மாதவிலக்குக்கு முந்தைய வாரத்தில் சிலருக்கு இருக்கக்கூடிய அளவுதான். ஆனால் நான் பத்து நாள் ரத்தம் போய் நின்று மூன்றாவது நாளில் படுத்திருக்கிறேன். அப்போது பூச்சு மெலிந்திருக்க வேண்டும். அந்த எண்ணை என் கடிதத்தில் இருந்த செப்டம்பர் 9-உடன் வைத்துப் பார்த்துத்தான், இது தடிப்பு என்று டாக்டர் சொன்னார். வயது நாற்பதுக்கு மேல், எடை அதிகம், ரத்தப்போக்கு முறையில்லை, பூச்சும் தடிப்பு. நான்கும் சேர்ந்ததால் சதைப் பரிசோதனை கட்டாயம் என்றார்.

அதற்கு மயக்க மருந்து கொடுக்கவில்லை. மெல்லிய குழாய் ஒன்றை உள்ளே விட்டுப் பூச்சில் கொஞ்சம் உறிஞ்சி எடுத்தார். கடுமையான மாதவிலக்கு வலி போல சில நிமிடம் பிடித்து இழுத்தது. அரை மணி நேரம் படுத்திருந்துவிட்டு நடந்தே வெளியே வந்தேன். முடிவு வந்தது பத்து நாள் கழித்து. அந்தப் பத்து நாள் எப்படிப் போனது என்று எழுத எனக்கு இன்னும் தெம்பு வரவில்லை. உள்பூச்சு மிகையாக வளர்ந்திருக்கிறது, அணுக்களில் கெட்ட மாற்றம் இல்லை, புற்றுநோய் இல்லை. கர்ப்பப்பை வாய் மாதிரியும் சரியாக இருந்தது. தைராய்டு சரி. சர்க்கரை எல்லையில் இருக்கிறது, அதற்குத் தனியாகப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்.

என் மூன்றாவது கேள்விக்கு, தாளின் அடியில் அவரே கையால் எழுதினார்: "எடுக்கத் தேவையில்லை." இந்த வகைத் தடிப்புக்கு முதலில் ஹார்மோன் சிகிச்சைதான். மாத்திரையாகத் தொடர்ந்து ஆறு மாதமாவது சாப்பிடலாம், அல்லது ஹார்மோன் சுரக்கும் சிறு சாதனத்தைக் கர்ப்பப்பைக்குள் வைத்துக்கொள்ளலாம். பார்க்கக் காப்பர் டி போலத்தான் இருக்கும், ஆனால் தாமிரம் இல்லை. அது ஹார்மோனை நேராகப் பூச்சின்மேலேயே கொடுக்கும். தினமும் நினைவு வைத்துக்கொள்ள வேண்டியதில்லை என்பதால் நான் அதைக் கேட்டேன். இரும்புச்சத்து மாத்திரையைக் காபி, டீயோடு சேர்க்காமல் இரண்டு மணி நேரம் இடைவெளி விடச் சொன்னார். ஜூலையிலிருந்து காலைக் காபியோடுதான் விழுங்கிக்கொண்டிருந்தேன்.

சாதனம் வைத்த முதல் மூன்று முதல் ஆறு மாதம் அவ்வப்போது கறை படும் என்று முன்பே சொல்லிவிட்டார்கள். அதனால் பால் கணக்குக் காலண்டரிலேயே இப்போது குறிக்கிறேன். கறைக்கு ஒரு புள்ளி, பாதி நனைந்த பேட்டுக்கு ஒரு கோடு, முழுக்க நனைந்ததற்குக் குறுக்குக் கோடு. எந்த மாத்திரை புதிதாகப் போட்டாலும் அதன் பெயர். மகள் பார்த்துவிட்டு என்னவென்று கேட்டாள், சொன்னேன். அவளும் தன் தேதியைப் பக்கத்தில் எழுதத் தொடங்கியிருக்கிறாள். மார்ச்சில் மறுபடியும் சதைப் பரிசோதனை. அன்று கொடுக்க வேண்டிய இரண்டாவது தாளில் இதுவரை பதினொரு புள்ளியும் மூன்று கோடும் இருக்கின்றன. குறுக்குக் கோடு ஒன்றுகூட விழவில்லை.